திரையில் தெரியாத சாம்பல் கட்டம்: ஸ்கேன் செய்த கையொப்பத்தை ஆவணங்களில் சேர்த்த ஒரு நிகழ்வின் ஆய்வு

## பின்னணி

ஒரு பயிற்சி அமைப்பின் ஆண்டு இறுதியில் 340 பேருக்குச் சான்றிதழும், அதனுடன் ஒரு நிறைவுக் கடிதமும் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டிலும் அமைப்பின் தலைவர் கையொப்பமிட வேண்டும். அவர் அந்த வாரங்களில் வெளியூரில் இருந்ததால், கையொப்பத்தைப் படமாக்கி ஆவணத்தில் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. எந்த இரண்டு ஆவணங்களில், எந்தக் காலத்துக்குள் அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம் என்பதை அவர் எழுத்தில் தந்திருந்தார். ஆவணங்களைத் தயாரிக்கும் பொறுப்பில் நானும் இன்னொரு ஊழியரும் இருந்தோம்.

கடிதம் வெறும் வெள்ளைத் தாளில் அச்சாவது. சான்றிதழிலோ கீழ்ப்பாதி முழுவதும் வெளிர் பச்சை நிறத்தில் அலை போன்ற ஒரு வடிவம் ஓடும். கையொப்பம் அந்த அலையின் மேல்தான் அமரும். இந்த வேறுபாடு அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளைத்தன.

தலைவர் ஒரு தாளில் கையொப்பமிட்டு, கைபேசியில் படமெடுத்து, செய்திச் செயலி வழியாக அனுப்பினார். ஊழியர் அதை வெட்டி, கடிதத்தில் ஒட்டி, முதல் தொகுதியாக 40 கடிதங்களை அச்சிட்டார்.

## கண்டறிந்தவை

அச்சான கடிதங்களை மேசையில் பரப்பியபோது, ஒவ்வொரு கையொப்பத்தைச் சுற்றியும் மங்கலான ஒரு சாம்பல் செவ்வகம் தெரிந்தது. அதே கோப்பைத் திரையில் திறந்து பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. ஊழியர் முதலில் அச்சுப்பொறியைச் சந்தேகித்தார். வேறொரு அச்சுப்பொறியிலும் அதே செவ்வகம் வந்தது.

படத்தைக் கிம்ப் மென்பொருளில் திறந்து, நிறம் அளக்கும் கருவியால் வெற்றிடங்களைத் தொட்டுப் பார்த்தேன். தூய வெள்ளையின் மதிப்பு 255. இந்தப் படத்தில் மேல் இடது மூலையில் 243 இருந்தது. கீழ் வலது மூலையில், கைபேசியின் நிழல் விழுந்த இடத்தில், 214 ஆகக் குறைந்திருந்தது. 243க்கும் 255க்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் கண் எளிதில் விட்டுவிடும். அச்சுப்பொறி அப்படி விடாது. வெள்ளையல்லாத எந்த மதிப்பையும் அது சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தூவித்தான் காட்ட முடியும். அந்தப் புள்ளிகள் வெற்றுத்தாளின் அருகில் நேர்க்கோட்டு விளிம்போடு முடிவதால் செவ்வகமாகத் தெரிந்தன.

இரண்டாவது குறை அளவில் இருந்தது. கையொப்பம் அகலமாக, ஏதோ இழுத்துப் பிடித்தது போல இருந்தது. கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி, உள்ளே இருக்கும் படத்தின் உண்மை நிலையைக் காட்டும் ஒரு சிறு கட்டளையை ஓட்டினேன்.

```
pdfimages -list letter.pdf
```

இதன் விடையில் பல பத்திகள் வரும். நமக்கு வேண்டியவை `width`, `height`, `x-ppi`, `y-ppi` ஆகிய நான்கு மட்டுமே. எங்கள் படம் 280 பிக்சல் அகலமும் 150 பிக்சல் உயரமும் கொண்டிருந்தது. `x-ppi` 102 என்றும் `y-ppi` 142 என்றும் காட்டியது. இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை. வேறுபட்டால், படத்தை யாரோ பக்கவாட்டுப் பிடியைப் பற்றி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். இயல்பாக 50 மில்லிமீட்டர் அகலம் வர வேண்டிய படம் 70 மில்லிமீட்டராக நீட்டப்பட்டிருந்தது. கையொப்பத்துக்கான கோடு முழுவதும் நிரம்ப வேண்டும் என்று நினைத்துத்தான் ஊழியர் அப்படிச் செய்திருந்தார். தலைவருக்கு அச்சுப்படி ஒன்றை அனுப்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இது என் கையெழுத்துதானா?" என்பதுதான்.

அந்த எண்கள் இன்னொன்றையும் சொல்லின. ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல் என்பது கோட்டுச் சித்திரத்துக்கு மிகக் குறைவு. கோடுகளின் ஓரம் படிக்கட்டு போலத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

## முதல் இரண்டு முயற்சிகள்

அவசரம் இருந்ததால், கையில் இருந்த படத்தையே சரிசெய்துவிட முயன்றோம்.

முதலில், ஒரே நிறப் பரப்பைத் தேர்ந்தெடுக்கும் மந்திரக்கோல் கருவியால் பின்னணியைத் தொட்டு அழித்தோம். கடிதத்தில் செவ்வகம் மறைந்தது. அதே படத்தைச் சான்றிதழில் வைத்ததும் வேறு குறை எழுந்தது. பச்சை அலையின் மேல் கையொப்பத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் ஒன்று ஒளிவட்டம் போல நின்றது. எழுத்துகளின் மூடிய சுழிகளுக்குள்ளே தாளின் நிறம் அப்படியே தங்கி, அலையை அங்கங்கே துளையிட்டது. சுழிகளுக்குக் காரணம் எளிது: கருவி தொட்ட இடத்தோடு ஒட்டிய பரப்பை மட்டுமே அழிக்கும், சுழியின் உட்புறம் வெளிப்பரப்போடு ஒட்டியதன்று. வெள்ளை ஓரத்துக்கான காரணம் சற்று ஆழமானது. கோட்டின் விளிம்பில் உள்ள பிக்சல் ஒவ்வொன்றும் பாதி மையும் பாதி தாளுமாகக் கலந்த நிறம் கொண்டது. மந்திரக்கோல் ஒரு பிக்சலை முழுதாக அழிக்கும், அல்லது முழுதாக விட்டுவைக்கும்; கலந்திருக்கும் தாளின் நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க அதனால் இயலாது. வெள்ளைத் தாளில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெள்ளைப் பின்னணியில் மட்டும் சோதிப்பவருக்கு வேலை நன்றாக முடிந்ததாகவே தோன்றும்.

அடுத்து, படத்தை முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று இரண்டே நிறமாக்கினோம். சாம்பலும் போயிற்று, ஓரமும் போயிற்று. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் அடி விழுந்தது. கையொப்பத்தின் தடித்த கோடுகளின் மதிப்பு 70 அளவில் இருந்தது. பேனா விலகும் இடத்தில் மெலிந்த வால்கள் 195 வரை வெளிறியிருந்தன. நிழல் விழுந்த தாளோ 214. வாலைக் காப்பாற்ற எல்லையை உயர்த்தினால் நிழல் கறையாக வந்தது. நிழலை விரட்ட எல்லையைத் தாழ்த்தினால் வால் அறுந்தது. இடையில் இருந்த 19 படிகள் போதுமானவையல்ல. மேலும், இரண்டே நிறமாகும்போது விளிம்பின் மென்மை முற்றிலும் மறைந்து, குறைந்த பிக்சலோடு சேர்ந்து கோடு ரம்பப்பல் போல ஆனது.

இந்த இடத்தில்தான் படத்தைச் செப்பனிடுவதை நிறுத்தினோம். மையும் தாளும் பிரியாத ஒரு மூலத்தை எந்தக் கருவியும் பிரித்துத் தராது என்பது அளந்த எண்களிலேயே தெரிந்துவிட்டது. அச்சடித்த 40 கடிதங்களையும் ஒதுக்கினோம்.

## மீண்டும் கையொப்பம் வாங்கியது

இரண்டு நாள் கழித்துத் தலைவர் வந்தார். இம்முறை கையொப்பமிடும் விதத்தையே முதலில் தீர்மானித்துக்கொண்டோம்.

ஒரு தடித்த அட்டையில் 60 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சன்னல் ஒன்றை வெட்டி, கோடில்லாத வெள்ளைத் தாளின் மேல் வைத்து, அதற்குள் கையொப்பமிடச் சொன்னோம். ஆவணத்தில் எந்த அளவில் அச்சாகுமோ அதே அளவில் எழுதி வாங்குவதே இதன் நோக்கம். பெரிதாக எழுதியதைப் பாதியாகச் சுருக்கினால் கோட்டின் தடிமனும் பாதியாகி, மயிரிழை போலத் தெரியும். சிறிதாக எழுதியதைப் பெரிதாக்கினால் தூரிகையால் தீட்டியது போலாகும். எந்தப் பேனாவும் அப்படி எழுதாது என்பதைப் பார்ப்பவரின் கண் உடனே உணர்ந்துவிடும். தாளில் பென்சிலால் கட்டம் போட்டுத் தருவதைவிட அட்டைச் சன்னல் மேலானது, ஏனெனில் பிறகு அழிக்க வேண்டிய கோடு எதுவும் தாளில் இருக்காது.

பேனாவைப் பொறுத்தவரை, மெல்லிய பந்துமுனைப் பேனாவை விலக்கி, மை சீராக இறங்கும் தடித்த முனை ஜெல் பேனாவைக் கொடுத்தோம். அவர் வழக்கமாக நீல மையில் கையொப்பமிடுபவர். கறுப்புக்கு மாறச் சொல்லவில்லை. ஒரே தாளில் ஆறு முறை கையொப்பமிட்டார். முதல் இரண்டும் கவனத்தோடு எழுதியதால் இறுக்கமாக இருந்தன; நான்காவதில் கை இயல்பாக ஓடியிருந்தது. எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டோம். அவரும் நான்காவதையே காட்டினார்.

அதை மட்டும் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, வண்ணத்தில், பிஎன்ஜி கோப்பாக எடுத்தோம். ஸ்கேனர் மென்பொருளில் உரை அல்லது கறுப்பு வெள்ளை என்ற தேர்வை எடுக்கவில்லை; அது இரண்டே நிறமாக்கித் தந்துவிடும். தானாகத் திருத்தும் தேர்வுகளையும் அணைத்தோம். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தோம். மறுபக்கத்தில் ஏதேனும் அச்சாகியிருந்தால் அது ஊடுருவித் தெரிவதை இது குறைக்கும்.

## பின்னணியை நீக்கியது

புதிய ஸ்கேனில் தாளின் மதிப்பு எல்லா மூலையிலும் 238க்கும் 247க்கும் இடையில் சீராக இருந்தது. நீல மையைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறச் சேனல்களிலும் தனித்தனியே அளந்தோம். நீலச் சேனலில் மை 150 அளவுக்கு வெளிறியிருந்தது. சிவப்புச் சேனலில் 40 முதல் 60 வரை, கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்தது. நீலப் பொருள் நீல ஒளியைத் திருப்பி அனுப்பி, சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்வதால் இப்படி ஆகிறது. மெலிந்த வால்கள்கூடச் சிவப்புச் சேனலில் 110ஐத் தாண்டவில்லை. முன்பு 19 படிகள் இருந்த இடைவெளி இப்போது நூறுக்கு மேல் ஆகிவிட்டது. இதே காரணத்தால், நீல மைக் கையொப்பத்தின் மேல் சிவப்பு முத்திரை விழுந்திருந்தாலும் சிவப்புச் சேனலில் முத்திரை பெருமளவு மறைந்துவிடும்; இங்கே அதற்குத் தேவை ஏற்படவில்லை.

பின்னணியை அழிக்கும் எண்ணத்தையே இம்முறை கைவிட்டோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு மை இருக்கிறது என்பதை மட்டும் ஸ்கேனிலிருந்து எடுத்து, அதையே ஒளி மறைக்கும் அளவாக வைத்து, நிறத்தை நாங்களே ஊட்டினோம். இமேஜ்மேஜிக் மென்பொருளின் 7ஆம் பதிப்பில் இது இரண்டு கட்டளைகளில் முடியும்.

```
magick scan.png -channel R -separate +channel \
  -level 30%,85% -negate mask.png
magick mask.png -background "#1b2f6b" -alpha shape sign.png
```

முதல் கட்டளை சிவப்புச் சேனலைப் பிரிக்கிறது. `-level` தரும் இரண்டு எல்லைகளில், 30 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 76க்குக் கீழே உள்ளவை முழு மையாகும். 85 விழுக்காட்டுக்கு மேலே, அதாவது 217க்கு மேலே உள்ளவை முழு வெற்றிடமாகும். இடைப்பட்டவை அவற்றின் விகிதத்தில் பாதியும் கால்பங்குமாக நிற்கும். கோட்டின் விளிம்பு மென்மையாக இருப்பது இவற்றால்தான். தாளின் மிகக் குறைந்த மதிப்பு 238 என்பதால், 217 என்ற எல்லைக்கு 21 படிகள் பாதுகாப்பு இடைவெளி கிடைத்தது. இந்த எல்லைகளை வேறொருவர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. தம் தாளையும் தம் மையையும் அளந்தே வைக்க வேண்டும்.

`-negate` அதைத் தலைகீழாக்கி, மையை வெள்ளையாகவும் தாளைக் கறுப்பாகவும் கொண்ட மாஸ்க் படத்தைத் தருகிறது. இரண்டாம் கட்டளை அந்த மாஸ்க்கின் வடிவத்தில் ஒரே நீல நிறத்தை நிரப்புகிறது. விளிம்புப் பிக்சலிலும் இப்போது இருப்பது தூய நீலம்; அதன் அடர்த்திதான் குறைவு. தாளின் வெள்ளை எங்கும் கலக்காததால், அலையின் மேல் வைத்தாலும் ஒளிவட்டம் வர வழியில்லை. சுழிகளின் உட்புறமும் தானாகத் திறந்துகொள்ளும். கட்டளைகளோடு பழக்கமில்லாதவர்கள் கிம்ப் மென்பொருளில் `Color to Alpha` என்ற தேர்வால் ஏறத்தாழ இதே விளைவைப் பெறலாம். மை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும் இயல்பான நிறமாற்றத்தை எங்கள் முறை இழக்கிறது என்பது உண்மை. கையகல ஓவியமாக இருந்தால் அது குறை. 46 மில்லிமீட்டர் கையொப்பத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

## அளவு, தூசு, இடம்

அளவில் இன்னொரு தடங்கல் காத்திருந்தது. வெற்று ஓரங்களை வெட்டும் `-trim` கட்டளைக்குப் பிறகு படத்தின் அகலம் 1310 பிக்சல் என்று வந்தது. 600 டிபிஐ கணக்கில் அது 55.5 மில்லிமீட்டர். தாளில் அளவுகோலை வைத்து அளந்தால் கையொப்பம் 46 மில்லிமீட்டர்தான். ஒன்பதரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, மாஸ்க்கில் பூச்சியத்துக்கு மேலான எதையும் பளிச்சென்ற வெள்ளையாகக் காட்டும் சோதனையைச் செய்தோம்.

```
magick mask.png -threshold 0 check.png
```

மூன்று தூசுப் புள்ளிகள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று கையொப்பத்துக்கு வெகு இடப்புறத்தில், திரையில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. வெட்டும் கட்டளைக்கு அதுவும் மைதான். இதைக் கவனிக்காமல் ஆவணத்தில் 46 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்திருந்தால், தூசையும் சேர்த்து 46 ஆகியிருக்கும். கையொப்பம் மட்டும் 38 மில்லிமீட்டராகச் சுருங்கி, வலப்புறம் ஒதுங்கி நின்றிருக்கும். மாஸ்க்கில் மூன்றையும் கறுப்புத் தூரிகையால் மூடி, `sign.png` கோப்பை மீண்டும் உருவாக்கி, வெட்டினோம். அகலம் 1087 பிக்சல் ஆயிற்று, அதாவது சரியாக 46 மில்லிமீட்டர்.

```
magick sign.png -trim +repage -bordercolor none -border 12 \
  -units PixelsPerInch -density 600 sign-final.png
```

சுற்றிலும் 12 பிக்சல், அதாவது அரை மில்லிமீட்டர் வெற்று ஓரம் விட்டதால் படத்தின் மொத்த அகலம் 47 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள `-density 600` கோப்புக்குள் அளவைப் பதிக்கிறது. அது இல்லாத கோப்பைச் சொற்செயலி பெரும்பாலும் 96 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும். அப்போது இதே படம் 29 சென்டிமீட்டர் அகலமாகி, பக்க அகலத்துக்குச் சுருக்கப்பட்டு, பிறகு யாரோ ஒருவர் கையால் இழுத்துச் சரிசெய்யும் நிலை வரும். முதல் தொகுதியில் நேர்ந்தது ஏறத்தாழ அதுவே. செய்திச் செயலிகள் இந்தப் பதிவை நீக்கிவிடுவதுண்டு என்பதால், கோப்பை நினைவகக் குச்சியில் மட்டுமே எடுத்துச் சென்றோம்.

வேர்டு கோப்பில் படத்தின் அகலத்தை எண்ணாகத் தட்டச்சு செய்தோம். `Lock aspect ratio` இயங்குவதையும் உறுதிசெய்தோம். உரையோடு படம் சேரும் முறையை `In Front of Text` என்று வைத்தோம். இயல்பாக இருக்கும் `In Line with Text` முறையில் படம் ஒரு பெரிய எழுத்தைப் போல நடந்துகொள்ளும். வரியின் உயரத்தைத் தள்ளி, கீழே உள்ள பதவிப் பெயரை அடுத்த பக்கத்துக்கே அனுப்பிவிடும். கடிதத்தில் பெறுநரின் பெயர் மெயில் மெர்ஜ் வழியாக வருவதால், நீண்ட பெயர்களில் உரை ஒரு வரி கீழே இறங்கியது. எனவே படத்தின் செங்குத்து இடத்தைப் பக்கத்தோடு பிணைக்காமல் பதவிப் பெயர் உள்ள பத்தியோடு பிணைத்து, `Move object with text` என்பதைத் தேர்ந்தெடுத்தோம். இந்தக் கையொப்பத்தில் ஓர் எழுத்தின் கால் அடிக்கோட்டுக்குக் கீழே 4 மில்லிமீட்டர் இறங்கும். தாளில் எழுதும்போது கால் கோட்டை வெட்டித்தான் செல்லும் என்பதால், படத்தின் அடிப்பகுதியைக் கோட்டுக்கு மேல் நிறுத்தாமல் அந்த 4 மில்லிமீட்டரைக் கீழே இறக்கினோம். கோட்டுக்கு மேலே மிதக்கும் கையொப்பம்தான் ஒட்டுவேலையை முதலில் காட்டிக்கொடுக்கிறது என்பது என் கருத்து.

கோப்பின் அமைப்பில் `Do not compress images in file` என்பதையும் இயக்கினோம். இல்லாவிட்டால் சேமிக்கும்போது படத்தின் பிக்சல்கள் குறைக்கப்பட வாய்ப்புண்டு.

## விளைவு

முழுத் தொகுதிக்கு முன் கடிதம் ஒன்றையும் சான்றிதழ் ஒன்றையும் அச்சிட்டு அளவுகோலால் அளந்தோம். சான்றிதழில் 46 வந்தது. கடிதத்தில் 44.6 வந்தது. படத்தில் பிழையில்லை, அச்சிடும் சாளரத்தில் `Fit` என்ற தேர்வு இருந்து, பக்கம் முழுவதையும் 97 விழுக்காடாகச் சுருக்கியிருந்தது. `Actual size` என்று மாற்றியதும் சரியாயிற்று. பிடிஎஃப் கோப்பை மீண்டும் `pdfimages -list` கொண்டு பார்த்தபோது `x-ppi`, `y-ppi` இரண்டும் 600 என்று காட்டின. படத்தின் கீழே `smask` என்ற தனி வரியும் இருந்தது. ஒளிபுகும் தன்மை தொலையாமல் பிடிஎஃப் வரை வந்து சேர்ந்ததற்கு அந்த வரியே சான்று. 340 கடிதங்களும் 340 சான்றிதழ்களும் அதே நாளில் அச்சாகி முடிந்தன.

ஒரு மாதம் கழித்து வேறொரு பிரிவிலிருந்து வந்த கடிதத்தில், கையொப்பத்தைச் சுற்றிய வெள்ளைப் பெட்டி ஒன்று பதவிப் பெயரின் பாதியை மறைத்திருந்தது. எங்கள் கடிதத்திலிருந்து யாரோ படத்தை எடுத்து ஜேபிஜி ஆகச் சேமித்திருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை; வெற்றிடம் பெரும்பாலும் வெள்ளையாக நிரம்பிவிடும். அழகுக்குறையைவிடப் பெரிய செய்தி, தலைவர் அனுமதிக்காத ஓர் ஆவணத்தில் அவர் கையொப்பம் இருந்தது என்பதாகும். எங்கள் வேர்டு கோப்பு பொதுக் கோப்புறையில் இருந்ததே இதற்கு வழியாயிற்று. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, கோப்பையும் மூலப் படத்தையும் இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடிய இடத்துக்கு மாற்றினோம்.

அப்போதுதான் மின்னஞ்சலில் அனுப்பிய சான்றிதழ்களையும் சோதித்தோம். `pdfimages` கட்டளையிடம் பட்டியல் கேட்பதற்குப் பதிலாகப் படங்களைக் கேட்டால், கையொப்பமும் அதன் மாஸ்க்கும் 600 டிபிஐ தரத்தில் அப்படியே வெளியே வந்தன. நாங்கள் மெனக்கெட்டுத் தூய்மையாக்கிய படம், கேட்டவர் எவருக்கும் தூய்மையாகவே கிடைத்தது. அதற்குப் பிறகு, மின்னஞ்சல் படிகளில் பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கி அனுப்புகிறோம். கையொப்பம் அலையோடு கலந்துவிடுவதால் பிரித்தெடுப்பது கடினமாகிறது, ஆனால் இயலாததன்று. ஸ்கேன் செய்த கையொப்பம் ஓர் உருவம் மட்டுமே. ஆவணம் மாற்றப்படவில்லை என்பதை மறைகுறியீட்டுச் சான்றோடு மெய்ப்பிக்கும் டிஜிட்டல் கையொப்பத்தின் வேலையை அது செய்யாது. இந்த வேறுபாட்டை அமைப்பின் நிருவாகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறோம்.

## மாற்றிச் செய்யக்கூடியவை

கைபேசிப் படம் வந்த அன்றே தாளின் நான்கு மூலைகளையும் மெலிந்த வாலையும் அளந்திருந்தால், ஒன்றரை நாளும் 40 கடிதங்களும் வீணாகியிருக்காது. அந்த அளவீட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இப்போது எந்தப் படம் வந்தாலும் அதை முதலில் செய்கிறோம். தாளுக்கும் மிக மெலிந்த கோட்டுக்கும் இடையே 60 படிகளாவது இல்லையென்றால், செப்பனிட முயலாமல் மறுபடி கையொப்பம் கேட்கிறோம். 60 என்பது எங்கள் அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை, விதி அன்று.

சோதனையை வெள்ளைப் பின்னணியில் தொடங்கியதும் பிழையே. சான்றிதழின் அலைதான் கடினமான பின்னணி. அதில் தேறும் படம் கடிதத்தில் தேறியே தீரும். அச்சிடும் வரிசையை நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம்.

இன்னொன்றைச் சான்றிதழ் பெற்ற ஒருவர் சொன்ன பிறகே உணர்ந்தோம். கடிதத்தையும் சான்றிதழையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு கையொப்பங்களும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. எந்தக் கையும் இரண்டு முறை அப்படி எழுதாது. தலைவர் ஆறு முறை கையொப்பமிட்ட தாள் எங்களிடமே இருக்கிறது. அவர் ஒப்புதலோடு ஐந்தாவதையும் அதே முறையில் தயாரித்து, அடுத்த தொகுதியில் கடிதத்துக்கு அதைப் பயன்படுத்தவிருக்கிறோம்.